பத்து சதவீதம் கிடைக்க ஒரு சான்றிதழ்

ஐயா,
வெளிநாட்டுக் கடன் வட்டி, ராயல்டி மீதான வரிப் பிடித்தம் பற்றிய தங்கள் செய்தி, 20 சதவீத உள்நாட்டு விகிதத்தோடு நின்றுவிட்டது. ஜெர்மனியுடனான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி இரண்டுக்கும் உச்சவரம்பு 10 சதவீதம்தான். அதன்மேல் செஸ் கிடையாது. ஆனால் பெறுபவர் தன் நாட்டு வரித்துறையிடம் வாங்கிய வசிப்பிடச் சான்றிதழைத் தந்தால்தான் இந்தச் சலுகை.

அது தாமதமானால் சுமை நம் தலையில்தான். எங்கள் சிறு ஆலைக்கு இயந்திர நுட்பம் தந்த ஜெர்மன் நிறுவனத்துக்கு, வரி போக 10 லட்சம் ரூபாய் ராயல்டி சேர வேண்டும் என்பது ஒப்பந்தம். சான்றிதழ் இருந்திருந்தால் நாங்கள் கட்டும் வரி 1,11,111 ரூபாய். அது வரவில்லை; செஸ் சேர்த்து 20.8 சதவீதக் கணக்கில் 2,62,626 ரூபாய் கட்டினோம். சான்றிதழ் அப்புறம்தான் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதுச் சான்றிதழ் வரும்வரை, முந்தைய ஆண்டுச் சான்றிதழையும் உறுதிமொழியையும் வைத்து ஆறு மாதத்துக்கு ஒப்பந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித்துறை அனுமதிக்க வேண்டும்.

– சிறுதொழில் முனைவோர், கோவை