வெள்ளிக்கு ஓடும் முன் ஒரு கணக்கு

டர்பன்

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் போடாதது என் தப்பு. இங்கே எல்லோரும் சுகம். கனகாக்கா முழங்காலை மட்டும் குறை சொல்கிறார், அதாவது அவரும் சுகம்தான்.

ஆனால் "ஓய்வுப் பணத்தில் பாதியை வெள்ளி நாணயமாக மாற்றப்போகிறேன், தங்கம் ஏழைக்கு எட்டாது" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் நீ படகில் பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கணக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த முறை விடமாட்டேன்.

கடைக்காரர் சொல்லாத விஷயத்தை முதலில் கேள். நம் தென்னாப்பிரிக்காவில் தங்கக் க்ரூகர்ராண்ட் நாணயத்துக்கு வாட் வரி பூஜ்ஜியம். வெள்ளிக் க்ரூகர்ராண்டுக்கு 15 சதவீதம். ஆயிரம் ராண்ட் மதிப்புள்ள வெள்ளிக்குக் கடைக்காரர் 12 சதவீதம் கூட்டுகிறார் என்று வை, 1,120 ஆகிறது. வாட் அந்தக் கூட்டலின் மேலும் விழும், ஆக 1,288. நாளைக்கே திருப்பி விற்கப்போனால் வெள்ளி மதிப்பில் 5 சதவீதம் குறைத்து 950 தருவார். நீ கட்டிய வாட்டை உன்னைப்போன்ற தனியாள் திரும்பக் கேட்க முடியாது. அசல் கைக்கு வரவே வெள்ளி விலை சுமார் 36 சதவீதம் ஏற வேண்டும். தங்கத்தில் 6 சதவீதம் கூட்டி வாங்கி 2 சதவீதம் குறைத்து விற்றால் 8 சதவீத ஏற்றம் போதும். என் சதவீதங்களை உன் கடையின் சதவீதங்களோடு மாற்றிப்போட்டுப் பார், வித்தியாசம் அப்படியே நிற்கும்.

அடுத்தது, யார் வாங்குகிறார்கள் என்பது. தங்கத்தை நகைக்காரரும் மத்திய வங்கிகளும் சேமிப்பவரும் வாங்குகிறார்கள். மத்திய வங்கிகள் பொதுவாக வெள்ளியைச் சேர்ப்பதில்லை. வெள்ளித் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுடையது: மின்தொடர்பு முனைகள், மின்னணுச் சாதனங்கள், சூரியத் தகட்டின் முகத்தில் ஓடும் மெல்லிய கோடுகள். சூரிய மின்சாரத்தால் வெள்ளித் தேவை கூடும் என்று நீ சொன்ன வாதம் பொய்யில்லை. ஆனால் வெள்ளி விலை ஏற ஏற, தகடு செய்பவர்கள் கோட்டை இன்னும் மெலிதாக்குவார்கள், முடிந்த இடத்தில் செம்பைப் போடுவார்கள். புகைப்படச் சுருள் ஒரு காலத்தில் எவ்வளவு வெள்ளி தின்றது, இப்போது எங்கே?

வரத்தும் வளைந்துகொடுக்காது. வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கச் சுரங்கங்களில் உடன்விளைவாகக் கிடைப்பது. வெள்ளி விலை ஏறியதற்காக யாரும் துத்தநாகம் கூடுதலாகத் தோண்டமாட்டார்கள். சந்தையும் தங்கச் சந்தையைவிட மிகச் சிறியது. அதனால் கொஞ்சம் பணம் உள்ளே வந்தாலும் விலை துள்ளும், வெளியேறினால் சரியும்.

2020 மார்ச்சை எடுத்துக்கொள். உலகம் கதவடைத்தபோது தங்கம் டாலரில் சுமார் 12 சதவீதம் இறங்கியது. ஆலைகள் நிற்கப்போகின்றன என்ற பயத்தில் வெள்ளி அவுன்ஸுக்கு 17 டாலரிலிருந்து 12க்கும் கீழே போனது, இரண்டே வாரத்தில். ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 120 அவுன்ஸ் வெள்ளிக்கு மேல் கொடுக்கவேண்டிய நிலை. ஆகஸ்டில் தங்கம் 2,000ஐத் தாண்டியபோது வெள்ளி 29ஐ எட்டியது, அதாவது இரு மடங்குக்கும் மேல்! அந்தத் துள்ளலைத்தான் உனக்குக் காட்டியிருப்பார்கள். 2011 ஏப்ரலில் 49 டாலருக்கு வாங்கியவரைக் காட்டியிருக்க மாட்டார்கள். 2015 முடிவில் அவர் கையில் 14 டாலர்கூட இல்லை. அந்த 49ஐ வெள்ளி மறுபடி பார்த்தது 2025இல்தான். தங்கமும் தன் 2011 உச்சத்திலிருந்து 2015 முடிவுக்குள் பாதிக்குச் சற்றுக் குறைவாக இழந்தது, அதுவும் வலிதான்; ஆனால் 2020இலேயே பழைய உச்சத்தைக் கடந்துவிட்டது. உனக்கு வயது அறுபத்து மூன்று, பதினாலு வருஷம் காத்திருக்கப் பொறுமை இருக்கிறதா? வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு எழுது.

எங்கே வைப்பாய் என்றும் யோசி. ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 80 அவுன்ஸ் வெள்ளி என்பது விகிதம் என்றால், ஒரு அவுன்ஸ் தங்க நாணயத்தின் விலைக்கு இரண்டரைக் கிலோ வெள்ளி வரும். வெள்ளி அடர்த்தி குறைவு, இடத்தை இன்னும் அதிகம் அடைக்கும். காற்றில் கறுக்கும். கறுப்பைத் தேய்த்துத் துடைத்துவிடாதே, கீறல் விழுந்த நாணயத்துக்குக் கடைக்காரர் விலையைக் குறைப்பார்.

வெள்ளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், அதுவும் விகிதம் 90ஐத் தாண்டியிருக்கும்போது பார்த்து. மீதிக்குத் தங்கம், அதிலும் சின்ன நாணயம் வேண்டாம்: கால் அவுன்ஸில் கடைக்காரர் கூட்டும் சதவீதம் அதிகம்.

கையெழுத்துப் போடும் முன் கடைக்காரரிடம் மூன்று எண் எழுதி வாங்கு: இன்றைய வெள்ளி மதிப்பு, வாட்டோடு விற்கும் விலை, அதே நாணயத்தை இன்றே திருப்பி வாங்கும் விலை. மூன்றாவதைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடு. அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, படகுக்காரன் ரசீது மாதிரி ஒளித்துவைக்காதே.

அன்புடன்,
உன் பழைய பாவி