எங்கள் சேனல்களைப் பராமரிக்கும் நிறுவனத்தாருக்கு: இரண்டு கணக்கை ஒரே ஏட்டில் எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் எங்களைப் போன்ற சின்ன யூடியூப் சேனல்கள் சிலவற்றை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். போன வாரம் வந்த உங்கள் மாத அறிக்கையில் எங்கள் சேனலுக்கு நேரே ‘ஸ்ட்ரைக் 2/3, அபாயம்’ என்று சிவப்பில் இருந்தது. அதாவது, விதிமீறலுக்கு யூடியூப் கொடுக்கும் மூன்று ஸ்ட்ரைக்கில் இரண்டு எங்களுக்கு வந்துவிட்டதாம். அதற்குக் கீழே, ‘பாதுகாப்புக் கருதி சேனல் மீண்டும் Made for kids ஆக்கப்பட்டது’, அதாவது குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்டது, என்று பச்சையில் இருந்தது. சிவப்பும் தப்பு, பச்சையும் தப்பு. அந்த ‘மீண்டும்’ என்ற சொல்லைப் பார்த்த பிறகுதான் இதைப் பொதுவில் எழுதலாம் என்று முடிவெடுத்தேன். தனியாக எழுதிய மூன்று மின்னஞ்சலுக்கும் ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்பதற்கு மேல் பதில் இல்லை.

எங்கள் பக்கத்துத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் வீடுகளைப் பற்றிய வீடியோவில், வேறொருவர் டிரோனில் எடுத்த நாற்பது விநாடிக் காட்சியைக் கேட்காமல் சேர்த்தேன். அவர் புகார் கொடுத்தார், காப்புரிமை ஸ்ட்ரைக் வந்தது. அது நியாயம்தான். அந்த நேரத்தில் நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: “அவருக்கு ஒரு போன் போடுங்கள்.” புகார் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற்றால் ஸ்ட்ரைக் போய்விடும். இல்லாவிட்டால் யூடியூப் காட்டும் காப்புரிமைப் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருக்க வேண்டும். மூன்றாவது வழி, புகாரை மறுத்து அனுப்பும் எதிர் அறிவிப்பு. வீடியோவைத் தவறுதலாக நீக்கிவிட்டார்கள், அல்லது அந்தக் காட்சியைப் பயன்படுத்த நமக்கு உரிமை இருக்கிறது என்றால் மட்டும்தான் அந்த வழி. அது சும்மா ஒரு மேல்முறையீடு அல்ல, சட்டப்படி கொடுக்கும் வாக்குமூலம்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? முதலில் வீடியோவை அழிக்கச் சொன்னீர்கள். அழித்தால் ஸ்ட்ரைக் போகாது, வீடியோதான் போகும். போயிற்று. பிறகு எதிர் அறிவிப்புப் படிவத்தை நிரப்பச் சொன்னீர்கள். என் பெயர், வீட்டு முகவரி எல்லாம் போட்டு அனுப்பினேன். அது அப்படியே புகார் கொடுத்தவர் கைக்குப் போகும் என்று நீங்கள் சொல்லவில்லை. நான்காம் நாள் அவரே போன் செய்தார். “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே தம்பி, இப்ப என்னைக் கோர்ட்டுக்குப் போகச் சொல்றீங்களா?” என்றார். வெட்கமாக இருந்தது. எதிர் அறிவிப்பு போனால், வழக்குப் போட்டதற்கான சான்றை அவர் அமெரிக்கக் கணக்கில் 10 வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் இருப்பது பள்ளத்தூரில். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

சரி, நீங்கள் இரண்டாவது ஸ்ட்ரைக்காக எண்ணியதற்கு வருகிறேன். அப்பத்தா வெள்ளைப் பணியாரம் ஊற்றும் வீடியோவில், எட்டு வயது அண்ணன் மகள் முக்காலி போட்டு ஏறி நின்று, காயும் எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஊற்றுகிறாள். எங்களுக்கு அது வீட்டு வழக்கம். யூடியூபுக்கு அது சிறுவர்கள் ஆபத்தான வேலையில் ஈடுபடும் காட்சி. வீடியோவை நீக்கிவிட்டு எச்சரிக்கை கொடுத்தார்கள். இப்போது யோசித்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவளை அங்கே நிற்க விட்டிருக்கக் கூடாது. ஆனால் அது யூடியூபின் சமூக விதிமுறை சம்பந்தப்பட்டது, காப்புரிமைக் கணக்கில் சேராது. அதுவும் எச்சரிக்கைதான், ஸ்ட்ரைக்கே இல்லை. அதற்கென்று உள்ள சிறு பயிற்சியை முடித்துவிட்டு, 90 நாளைக்குள் அதே விதியை மறுபடி மீறாமல் இருந்தால் எச்சரிக்கையும் காலாவதியாகிவிடும். அதற்கு மேல் போனால்தான் முதல் ஸ்ட்ரைக்குக்கு ஒரு வாரம், 90 நாளுக்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரம், எதையும் பதிவேற்ற முடியாது. மூன்றாவது வந்தால் சேனல் போய்விடும்.

காப்புரிமையிலும் மூன்று வந்தால் சேனல் போகும். அந்த ‘மூன்று’ இரண்டிலும் இருப்பதால்தான் நீங்கள் கூட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. அங்கே ஒன்று, இங்கே ஒரு எச்சரிக்கை, ஆக மொத்தம் இரண்டு! ரங்கூனில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் பெட்டியடியில் ஒரு பையனை உட்காரவைத்தால், முதலில் கற்றுக்கொடுப்பது எந்தப் பற்றை யார் பேரில் எழுதுவது என்பதைத்தான். ஒருவர் கடனை இன்னொருவர் பேரில் எழுதியவனை மறுநாள் கடைக்குள் விட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் மாதாமாதம் கட்டணமும் வாங்குகிறீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது இவ்வளவுதான்: இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இனி அந்தப் பச்சை எழுத்து. வீடியோவில் குழந்தை இருக்கிறது, குழந்தை சம்பந்தமாக எச்சரிக்கை வந்திருக்கிறது, ஆகவே ‘குழந்தைகளுக்கானது’ என்று போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைத்தீர்கள். ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை. அந்த அமைப்பு வந்ததே அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியில்லாமல் திரட்டுவதைத் தடுக்கும் சட்டத்தால். 2019இல் அதற்காக கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டின. அதன் பிறகு, வீடியோ பிள்ளைகளுக்கானதா இல்லையா என்று போடுகிறவர் சொல்லியாக வேண்டும். கேள்வி, வீடியோ யாரை நோக்கி எடுக்கப்பட்டது என்பதுதான். ஒரு பிள்ளை தெரிகிறது என்பதற்காக மட்டும் அது பிள்ளைகளுக்கான வீடியோ ஆகிவிடாது. அரிசியும் உளுந்தும் என்ன அளவு என்று கேட்டு எந்த எட்டு வயதுப் பிள்ளையும் எங்கள் சேனலுக்கு வரவில்லை. அந்த அமைப்பு விதிமீறலுக்குக் கவசமும் அல்ல.

அதை மாற்றியதில் என்ன போயிற்று தெரியுமா? பார்க்கிறவருக்கு ஏற்ற விளம்பரம் போயிற்று, வருமானம் குறைந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கமென்ட் போயிற்று.

அப்பத்தாவுக்கு 81 வயது, கண் மங்கல். ராத்திரி சாப்பிட்ட பிறகு வளவில் ஊஞ்சலில் உட்கார்ந்துகொள்வார்கள். அன்றைக்கு வந்த கமென்ட்டையெல்லாம் நான் வாசித்துச் சொல்வேன். பினாங்கிலிருந்து ஒரு அம்மா, தன் ஆயா சீப்புச் சீடைக்குத் தேங்காய்ப்பால் எவ்வளவு விடுவார்கள் என்று எழுதியிருந்தார். “கூட விட்டிருக்காக, அதான் வெடிக்கும்னு எழுது” என்றார்கள் அப்பத்தா. எழுதினேன். அந்த அம்மா மறுபடி எழுதினார். இப்படியே இரண்டு வாரம் ஓடியது. நீங்கள் முதல்முறை மாற்றியபோது எனக்குத் தெரிய பதினெட்டு நாள் ஆயிற்று. பதினெட்டு ராத்திரியும், “இன்னைக்கும் யாரும் எழுதலையாப்பா?” என்று கேட்டார்கள். நெட் சரியில்லை என்று சமாளித்தேன். அதில் கடைசி ஐந்து நாளாக, “நான் சரியாச் செய்யலையோ” என்றும் ஆரம்பித்தார்கள்.

தெரிந்த அன்றைக்கே நான் மாற்றினேன். நீங்கள் மறுபடி மாற்றினீர்கள். பாதுகாப்புக் கருதி.

இப்போது சேனல் அமைப்பில் ‘I want to review this setting for every video’ என்பதைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கென்றே எடுத்த பல்லாங்குழி வீடியோ இரண்டுக்கு மட்டும் ‘ஆம்’, மற்ற எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. தயவுசெய்து அதை எங்களைக் கேட்காமல் தொடாதீர்கள். அறிக்கையில் காப்புரிமை ஸ்ட்ரைக் ஒன்று, அது முடியும் தேதி; சமூக விதி எச்சரிக்கை ஒன்று, அது முடியும் தேதி என்று தனித்தனி வரியில் எழுதுங்கள். மற்றச் சேனல்காரர்களிடமும் ‘2/3’ என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தால், அவர்களுக்கும் திருத்தி அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். டிரோன்காரரிடம் நானே போய்ப் பேசிக்கொள்கிறேன். அந்த விஷயத்தில் உங்கள் உதவி வேண்டாம்.

இப்படிக்கு,
கானாடுகாத்தானிலிருந்து, பணியாரச் சேனல் நடத்தும் பேரன்