பெரியவனிடம் ஒப்படைத்த அதிகாரம்: கிருஷ்ணகிரியில் இருக்கும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் இரண்டு பையன்களைப் பற்றி நீ தொலைபேசியில் சொன்னவை பல வீடுகளில் நடப்பவை என்பதால், உன் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன். அண்ணன் தம்பி என்றால் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று உன் மாமியார் சொல்வதாகச் சொன்னாய். சண்டையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். ஆனால் சண்டை என்றால் இன்றைக்கு ஒருவன் அழுவான், நாளைக்கு மற்றவன் அழுவான், அரை மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து விளையாடுவார்கள். உன் வீட்டில் எப்போதும் அழுகிறவன் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் மட்டுமே. நீ ஏதாவது கேட்டால் அவன் பதில் சொல்வதற்கு முன் அண்ணனின் முகத்தைப் பார்க்கிறான். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் நின்றுபோயிருந்தது, இப்போது திரும்ப வந்திருக்கிறது. பள்ளி விட்டதும் வீட்டுக்குள் போகாமல், நீ வரும்வரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். இது சண்டை அல்ல, அச்சுறுத்தல்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. 12 வயதில் உடன்பிறந்தவர்களால் வாரத்தில் பலமுறை துன்புறுத்தப்பட்டவர்கள், 18 வயதில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆயினும் காத்திருந்து பார்ப்பதற்கு இது ஏற்ற விஷயம் அல்ல என்பது எனக்குப் போதுமான அளவு தெளிவாகிறது.

இனிப் பெரியவனுக்கு வருகிறேன். அவன் கெட்ட பிள்ளை அல்ல. பள்ளியில் பல ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். மாங்காய்ப் பருவத்தில் நீ மாங்கூழ் ஆலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறாய். உன் கணவர் ஓசூரில் இரண்டாம் ஷிப்டு என்றால் நள்ளிரவுக்கு மேல்தான் வருகிறார். “நான் வரும்வரை நீதான் வீட்டுக்குப் பெரியவன், தம்பியைப் பார்த்துக்கொள்” என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் வீட்டை ஒப்படைத்திருக்கிறீர்கள். தம்பி வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் திட்டு இவனுக்குத்தான் விழுகிறது. தம்பி வெயிலில் சுற்றினாலும் இவன்தான் அப்பாவிடம் அடி வாங்குகிறான். சொன்ன பேச்சைத் தம்பி கேட்காதபோது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் இவனுக்குச் சொல்லித் தரவில்லை. அப்பா தன்னிடம் செய்வதை அவன் தம்பியிடம் செய்கிறான்: காதைத் திருகுகிறான், பையைச் சோதிக்கிறான், செல்போனைப் பிடுங்குகிறான், “அம்மாவிடம் சொன்னால் நாளைக்கு இருக்கு” என்கிறான். கேட்பாரில்லாத அதிகாரத்தில் ஒரு சுகமும் இருப்பதால், நாளடைவில் காரணமே இல்லாமலும் அது நடக்கத் தொடங்குகிறது.

ஆகவே முதலில் நீங்கள் கொடுத்த அந்த அதிகாரத்தை நீங்களே திரும்பப் பெற வேண்டும். உன் கணவருக்கு விடுமுறை உள்ள ஒரு நாளில், சின்னவன் இல்லாத நேரத்தில், இருவரும் பெரியவனோடு உட்காருங்கள். முதலில் அவன் பேசட்டும். “தம்பி செய்வதற்கெல்லாம் நான்தான் அடி வாங்குகிறேன்” என்று அவன் சொன்னால், அது உண்மை என்று அவன் அப்பா தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் புதிய ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். கதவைத் திறப்பதும், சோற்றை எடுத்துப் போடுவதும், அவசரம் என்றால் உனக்குப் போன் செய்வதும் அவன் வேலை. தம்பியை அடிப்பது, அவன் பொருளைத் தொடுவது, சாப்பாட்டையோ டிவியையோ மறுத்துத் தண்டிப்பது எதுவும் இனி அவன் வேலை அல்ல. தம்பியின் வீட்டுப்பாடத்தை நீ வந்த பிறகு நீயே பார்ப்பாய். அதற்காக அண்ணனை ஒரு சொல்லும் சொல்ல மாட்டீர்கள். இந்தக் கடைசிப் பகுதியை நீங்கள் காப்பாற்றாவிட்டால் மற்றவை ஒரு வாரம்கூட நிற்காது. செல்போன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இருக்கட்டும். ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து அவர் கொடுக்கட்டும்; உனக்குப் போன் செய்ய வேண்டிய அவசரம் என்றால் உடனே கொடுக்கட்டும்.

உன் கண்ணெதிரே அடி விழும்போது “யார் முதலில் ஆரம்பித்தது” என்று கேட்காதே. வாய்ச்சாமர்த்தியம் உள்ளவன்தான் அந்த வழக்கில் ஜெயிப்பான், அது பெரும்பாலும் பெரியவனாகவே இருக்கும். இருவருக்கும் நடுவில் போய் நின்று, “அடிக்கக் கூடாது” என்று மட்டும் சொல்லி, ஆளுக்கொரு பக்கம் அனுப்பு. அடிபட்டவனை முதலில் கவனி. விசாரணையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, தனித்தனியாக வைத்துக்கொள். “இருவரும் விட்டுக்கொடுத்துப் போங்கள்” என்பது சமபலம் உள்ளவர்களுக்குச் சொல்லும் பேச்சு. தினமும் அடிபடுகிறவனிடம் அதைச் சொன்னால், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றே அவன் காதில் விழும்.

பெரியவன் சின்னவனின் ஓவிய நோட்டைக் கிழித்தான் என்றாயே, அதையே எடுத்துக்கொள்கிறேன். உன் கணவர் பெல்ட்டை எடுத்தார். அடுத்த நாள் மாலை அந்த அடியைப் பெரியவன் தம்பியிடம் வசூலித்துக்கொண்டான். சின்னவனும் அதற்குப் பிறகு எதையும் உங்களிடம் சொல்வதில்லை. பெல்ட்டை எடுப்பதற்குப் பதிலாக, பொங்கலுக்குக் கிடைத்த காசிலிருந்து பெரியவனே ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். தம்பியின் முன்னால் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் தேவையில்லை. கட்டாயத்தில் கேட்கும் மன்னிப்பால் ஏற்படும் அவமானமும் நீ இல்லாத நேரத்தில் சின்னவன் தலையில்தான் விடியும். கிழித்தவன் ஈடு செய்ய வேண்டும் என்பது பெரியவனுக்கே நியாயமாகப் படும் என்று நம்புகிறேன்.

சின்னவனிடமும் தனியாகப் பேசு. அண்ணன் அடித்தால் உடனே சொல்லலாம், அது கோள் மூட்டுவதாகாது என்று சொல். புதிதாகக் கிடைத்த பாதுகாப்பை அவன் சோதித்துப் பார்ப்பான்; தொடாமலே அலறுவான், வேண்டுமென்றே சீண்டுவான். சீண்டுவது தப்பு என்று அவனுக்குச் சொல்ல வேண்டும், சீண்டினாலும் அடிக்க உரிமை இல்லை என்று பெரியவனுக்குச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாமல் அவரவரிடம் தனித்தனியே சொன்னால், எவனும் மற்றவனுக்குச் சொன்னதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆரம்பத்தில் அடி குறைந்து, கேலியும் முறைப்பும் கூடலாம். அதனால் தழும்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையாதே. சின்னவன் திண்ணையில் காத்திராமல் நேராக வீட்டுக்குள் போகிறானா, உன் கேள்விக்கு அண்ணனைப் பார்க்காமல் பதில் சொல்கிறானா என்று கவனி. இவை மாறினால் ஏற்பாடு பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால் கழுத்தை நெரித்தல், கத்தியோ கட்டையோ காட்டி மிரட்டுதல், உடலைத் தகாத முறையில் தொடுதல் போன்ற எதுவும் இருப்பதாகத் தெரிந்தால், ஒரு மாலைகூட இருவரையும் தனியே விடாதே. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனடி உதவிக்குக் குழந்தைகளுக்கான 1098 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். அப்படி எதுவும் இல்லை என்றாலும், இந்த மாங்காய்ப் பருவம் முடியும்வரை பள்ளி விட்ட பிறகு சின்னவனைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமே இருக்கச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுப் பார். பெரியவனுக்கும் அந்த இரண்டு மணி நேரம் பந்து விளையாடக் கிடைக்கும். போன வருடத்திலிருந்து அவன் மைதானத்துக்கே போகவில்லை என்று நீதானே சொன்னாய்.

அன்புடன்,
அக்கா