அக்காவுக்கு நீ அனுப்பப் போகும் மெயில்

அன்புள்ள தம்பி,

உன் சீட்டுக்கு எதிரே உட்காரும் அக்காவின் அம்மா தவறிவிட்டார், அவருக்கு அனுப்ப ஒரு மெயில் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது யாருக்கு வேண்டுமானாலும் போகும். "ஆழ்ந்த இரங்கல்", "ஈடு செய்ய முடியாத இழப்பு", "ஆன்மா சாந்தியடையட்டும்" எல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலேயே இருக்கின்றன. அம்மாவின் பெயரைத் தூக்கிவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் அந்த மெயில் அப்படியே நிற்கிறது. அதுதான் சிக்கல்.

நீ நல்லெண்ணத்தில் எழுதிய ஒரு வரியைக் கட்டாயம் எடுத்துவிடு: "இரண்டு வருஷமாக டயாலிசிஸ் என்று கஷ்டப்பட்டார், இனி அவருக்கு வலி இல்லை." அந்த இரண்டு வருஷமும் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் வார்டில் நாலு நாலு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தவர் அக்கா. விடுதலை என்று அவரே சொன்னால் தலையாட்டலாம். நாம் முந்திக்கொண்டு சொன்னால், போனதே நல்லது என்பதுபோல் கேட்கும்.

அந்த அம்மாவைப் பற்றி உனக்கே தெரிந்தது ஏதாவது இருக்கிறதா? பொங்கல் விழா அழைப்பிதழை அக்கா தன் வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டியதும், ரிட்டயர்டு டீச்சரான அவர் மூன்று பிழைகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, கீழே பத்துக்கு ஆறு என்று மார்க்கும் போட்டு அனுப்பியதும் நீ சொன்ன கதைதானே! அதை எழுது. துக்க வீட்டில் சிரிப்பு வருகிற விஷயத்தை எழுதலாமா என்று தயங்காதே. அம்மாவை வெளியாள் ஒருவன் இப்படி நினைவு வைத்திருக்கிறான் என்பது அக்காவுக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது உதவி. "எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்" என்றால், என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று யோசிக்கிற வேலையும் அவர் தலையில்தான் விழும். உங்கள் ஆபீஸில் இப்போது என்ன நிலுவை? 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. இரண்டும் அவர் பார்க்கிற வேலை. ஓடிபி முதலாளியின் போனுக்குத்தான் வரும் என்பதால் தாக்கல் செய்ய அக்கா தேவையில்லை. ஆனால் ஒரு பில்லைக் காணோம் என்று யாராவது அவரைக் கூப்பிட்டு வைப்பார்கள், அதைத் தடுக்க வேண்டியது நீதான். முதலாளியிடம் முதலில் பேசி முடி, அப்புறம் மெயிலில் எழுது. முடிக்காத வேலையை முடித்ததாக எழுதாதே.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அக்கா,

அம்மா தவறிய செய்தி காலையில்தான் தெரிந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் நம் பொங்கல் அழைப்பிதழுக்கு அவர் போட்ட ஆறு மார்க் இன்னும் என் டிராயரில் இருக்கிறது. அதற்கப்புறம் எதைப் பிரிண்ட் கொடுத்தாலும் ஒரு தடவை கூடுதலாகப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். மருத்துவமனையிலிருந்து நீங்கள் போனில் பேசும்போது பின்னால் அவர் குரல் கேட்கும். 'வேலையை முடிச்சுட்டு வா, நான் எங்கே போயிடப் போறேன்' என்பார்.

இந்த மாத ரிட்டர்ன் இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன், சாரிடம் பேசிவிட்டேன். ஆபீஸிலிருந்து உங்களுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். காரியத்தன்று வருகிறேன்.

இதற்குப் பதில் போட வேண்டாம்."

இவ்வளவு போதும். சப்ஜெக்டில் "அம்மா" என்று மட்டும் போடு. சிசியில் ஒருவரையும் சேர்க்காதே. ஆபீஸ் குரூப்பில் எல்லோரும் கைகூப்பிய படம் போடுகிறார்கள் என்றால் நீயும் ஒன்று போட்டுக்கொள், அது வேறு கணக்கு.

டீச்சர் பென்ஷன் வாங்கியவர் என்பதால் இன்னொன்றும் இருக்கிறது, ஆனால் அது இந்த மெயிலில் வரக்கூடாது. அவர் இறந்ததைக் கருவூலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் முன் கணக்கில் கூடுதலாக ஏறிவிட்ட பென்ஷனைத் திருப்பிக் கேட்பார்கள், அதனால் அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடக் கூடாது. அப்பா இருக்கிறார் அல்லவா, குடும்ப ஓய்வூதியத்துக்கு அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். மருத்துவமனையில் இறந்ததால் பதிவுக்கு அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதில் எழுதியிருக்கும் பெயர் பென்ஷன் புத்தகத்திலும் ஆதாரிலும் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஓர் எழுத்து மாறினாலும் அப்புறம் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

இதைக் காரியம் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, அக்காவிடம் இல்லாமல் அவர் தம்பியிடம் போனில் சொல். கருவூலத்துக்குக் கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் அரை நாள் லீவு போட்டுவிட்டு நீ போய் வா.

அன்புடன்,
அண்ணன்