கணக்கு ஆசிரியரை மாற்றச் சொன்னவர்களுக்கும் மற்ற பெற்றோருக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் 10-ஆ பிரிவுப் பெற்றோர் சிலர் என்னை வந்து பார்த்தீர்கள். கணக்கில் 10-அ பிரிவின் சராசரி 52, நம் பிள்ளைகளுக்கு 43தான், ஆசிரியரை மாற்றிவிடுங்கள் என்றீர்கள். மாற்றப்போவதில்லை. ஏன் என்பதை எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த 9 மதிப்பெண். இதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்தோம். அப்போது இரண்டு பிரிவுக்கும் இடைவெளி 12. அறிவியலிலும் ஆங்கிலத்திலும்கூட 10-ஆ இதே அளவுக்குப் பின்தங்கித்தான் இருக்கிறது. நடுவில் வந்து சேரும் பிள்ளைகளை இடம் இருக்கிறதே என்று அந்தப் பிரிவில் சேர்த்துக்கொண்டே வந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆக, ஆசிரியர் கைக்கு வரும்போதே இருந்த இடைவெளி, அவர் கையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதற்காக அவரைப் பாராட்டவும் நான் தயாரில்லை. பிரிவுக்கு 38 பேர். நாலைந்து பிள்ளைகள் காய்ச்சலோடு எழுதினாலே சராசரி ஒன்றிரண்டு மதிப்பெண் ஆடும். அதை வைத்து ஒருவரைத் தூக்கவும் கூடாது, தாழ்த்தவும் கூடாது.

பத்தாம் வகுப்புக் கணக்கு என்பது ஆறாம் வகுப்பிலிருந்து மூன்று ஆசிரியர்கள் மாறி மாறிச் சொல்லிக் கொடுத்ததன் கூட்டுத்தொகை. கடைசி ஆண்டு எடுப்பவரை மட்டும் கூண்டில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல பிரிவுக்குப் போட்டி வரும், ஒருவர் தயாரித்த பயிற்சித்தாள் இன்னொருவர் கைக்குப் போகாது, ஏழாம் வகுப்பை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். அதனால் இந்த ஆண்டு கணக்குத் துறையை மொத்தமாக எடைபோடுவது என்று ஜூன் மாதமே முடிவு செய்து, மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து மூன்று இலக்குகளை எழுதிக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புக்கு வரும்போது வகுத்தல் தெரியாத பிள்ளைகள் அரையாண்டுக்குள் தாங்களாகவே வகுக்க வேண்டும். எட்டாம் வகுப்பினர் இயற்கணிதக் கோவைகளைக் காரணிப்படுத்த வேண்டும். பத்தாம் வகுப்பினர் வடிவியல் வரைதல், வரைபடம் இரண்டிலும் சேர்த்து 16க்கு 12 எடுக்க வேண்டும். தேர்ச்சிக்கு 35 தேவை என்னும்போது, மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இந்த 16 எவ்வளவு பெரிய கைப்பிடி என்று உங்களுக்கே தெரியும்.

இலக்குக்கு எதிரே, கையில் என்ன இருந்தது என்பதையும் எழுத வேண்டும். பத்துப் பிரிவுகள், பிரிவுக்கு வாரம் 7 பாடவேளை, மொத்தம் 70. மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு 23, 24 வரும். ஜூலையில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனார். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிக ஆசிரியர் வந்து சேர அக்டோபர் முடிந்துவிட்டது. அதுவரை மீதி இருவரும் ஆளுக்கு 28 பாடவேளை எடுத்தார்கள். அப்படியும் வாரம் 14 பாடவேளை விழுந்தது. ஆறு, ஒன்பது, பத்து வகுப்புகளுக்குக் குறைக்க வேண்டாம் என்று முடிவானதால் ஏழாம் வகுப்புக்கு 4, எட்டாம் வகுப்புக்கு 3 பாடவேளைதான் மிஞ்சியது. இதெல்லாம் டிசம்பரில் யோசித்து எழுதிய கணக்கு இல்லை. விழுந்த பாடவேளையை வாராவாரம் ஆசிரியர் அறைச் சுவரில் இருக்கும் அட்டவணையில் குறித்தோம். பிறகு எழுதினால், எல்லாக் குறைக்கும் ஆள் பற்றாக்குறையே காரணம் என்று யாருக்கும் தோன்றிவிடும்.

இப்போது பலனைப் பார்ப்போம். ஆறாம் வகுப்பில் வகுத்தல் தெரியாமல் வந்தவர்கள் 26 பேர், அவர்களில் 21 பேர் இப்போது வகுக்கிறார்கள். சரி, அது போதும். எட்டாம் வகுப்பில் 74 பேரில் 31 பேர்தான் காரணிப்படுத்துகிறார்கள். மோசமான எண்தான். ஆனால் அந்தப் பாடம் நடக்க வேண்டிய வாரங்களும் சுவர் அட்டவணையில் விழுந்த வாரங்களும் ஒன்றாக இருக்கின்றன. இதற்கு ஆசிரியர்களைக் கேட்பது நியாயமில்லை. பாடவேளையை எங்கே குறைப்பது என்று தீர்மானித்த நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பு வேறு கதை. ஒரு பாடவேளைகூடக் குறையவில்லை, வடிவியலும் நன்றாகவே வந்திருக்கிறது, வரைபடம் மட்டும் விழுந்திருக்கிறது. வசதி குறையாத இடத்தில் பலன் குறைந்தால் அது துறையே விளக்க வேண்டிய குறை. இரண்டு பிரிவு விடைத்தாள்களையும் மேசையில் பரப்பி, மூன்று பேரும் சேர்ந்து படிப்படியாகப் பார்த்தார்கள். y = x² − 4x + 3 என்ற வளைவரையை வரைந்து, அதைக் கொண்டு x² − 6x + 9 = 0 என்பதைத் தீர்க்கும் வகைக் கணக்கு அது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் y = 2x − 6 என்ற நேர்கோடு கிடைக்கும், அது வளைவரையைத் தொடும் இடம் 3, அதுதான் விடை. பிள்ளைகள் அளவுத்திட்டம் எழுதியிருக்கிறார்கள், அட்டவணை போட்டிருக்கிறார்கள், வளைவரையும் அழகாக வந்திருக்கிறது. கழிக்கும்போதுதான் −4x-இலிருந்து −6x-ஐக் கழித்து −10x என்று எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் கோடு எங்கேயோ போய்விடுகிறது. 10-அ பிரிவில் இந்தக் கேள்வியை எழுதிய 29 பேரில் 17 பேருக்கும், 10-ஆ பிரிவில் 31 பேரில் 19 பேருக்கும் அதே வரியில் அதே தவறு.

இரண்டு ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் ஒரே வரியில் வழுக்குகிறார்கள் என்றால் வழுக்கல் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. குறை எண்ணைக் கழிப்பது ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடத்தில் வருவது. அதை விதியாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள், மூன்று ஆண்டில் விதி மறந்துபோய்விட்டது. உங்கள் சொல்லைக் கேட்டு ஆசிரியரை மாற்றியிருந்தால், புதியவரும் மார்ச் வரை வளைவரையைத்தான் திரும்பத் திரும்ப வரையச் சொல்லியிருப்பார்.

இந்த முறைக்கு ஓட்டைகளும் உண்டு. மூவரில் ஒருவர் சும்மா இருந்து மற்ற இருவர் உழைப்பில் ஒளிந்துகொள்ள முடியும். அதனால் துறையின் மொத்த எண்ணோடு பிரிவுவாரி எண்ணையும் பார்க்கிறேன். ஒரே இலக்கில், ஒரே பாடவேளையில், ஒரு பிரிவு மட்டும் தன் பழைய நிலையிலிருந்து சரிந்தால் அங்கே தனியாகப் பேச்சு உண்டு. அப்புறம், அடித்தார், திட்டினார், வகுப்புக்கு வரவில்லை என்பது போன்ற புகார்கள் இந்தக் கணக்கில் சேராது. அவை நேரே என்னிடம் வர வேண்டும். துறை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவற்றை நான் மூடிவைக்க மாட்டேன்.

ஜனவரி முதல் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில் முதல் பத்து நிமிடம் குறி மாற்றிக் கழிக்கும் பயிற்சிக்குப் போகும். ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் பாடத்தை எண்கோட்டை வைத்து மறுபடி நடத்துவார்கள். எட்டாம் வகுப்புக்கு விழுந்துபோன பாடத்துக்குச் சனிக்கிழமை காலையில் வகுப்பு வைக்கிறோம். விளையாட்டுப் பாடவேளையில் கை வைக்க மாட்டோம், அதையும் சிலர் கேட்டீர்கள். எட்டாம் வகுப்புப் பெற்றோர், சனிக்கிழமை பேருந்து கிடைக்காத ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளின் பெயரை இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு வேறு நேரம் பார்க்க வேண்டும்.

இலக்கு, பாடவேளை, பலன் மூன்றும் எழுதிய தாள் அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறது. முதல் திருப்புதல் தேர்வு முடிந்ததும் அதே தாளில் புது எண்கள் ஏறும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்