கரிசல் மனைக்காரர்களுக்கு: மே மாதத்து மண் அறிக்கையை நம்பி அடித்தளம் போடாதீர்கள்

மனை உரிமையாளர் சங்கத்தாருக்கு,

வணக்கம். உங்கள் மனைப்பிரிவின் மண் பரிசோதனை அறிக்கையைப் படித்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, எல்லா வீடுகளுக்கும் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் தனித்தனி ஃபுட்டிங் போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். முடிவுரைக்கு முந்தைய பக்கங்கள் வேறு கதை சொல்கின்றன. மண் பொறியியலில் பல காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

துளைப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆழத்துக்கும் மூன்று எண்கள் இருக்கும். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாயை மூன்று முறை 15 செ.மீ. வீதம் மண்ணுக்குள் இறக்குகிறார்கள். ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் எத்தனை அடி விழுந்தது என்பதே அந்த எண்கள். துளை போட்டபோது கலைந்த மண் அடியில் கிடக்கும் என்பதால் முதல் எண் கணக்கில் சேராது. மற்ற இரண்டின் கூட்டல்தான் ‘என்’ மதிப்பு. உங்கள் அறிக்கையில் 1.5 மீட்டரில் 9, 10, 12 என்று இருக்கிறது. ஆகவே மதிப்பு 22. களிமண்ணுக்கு 22 என்றால் மிகக் கெட்டியான மண். யாருக்கும் நிம்மதி வரத்தான் செய்யும்.

அடுத்த வரியைப் பாருங்கள். 3 மீட்டரிலும் அதே கரிசல் களிதான், மதிப்போ 17. ஒரே மண் ஆழம் போகப் போகப் பொதுவாக வலுக்க வேண்டும். மேலே கெட்டியாகவும் கீழே இளகியும் இருந்தால், மேல்மண் வெயிலில் காய்ந்து இறுகியிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். துளையிட்ட தேதி மே மாதம். ஆய்வக அட்டவணையும் இதையே சொல்கிறது: களி உதிராமல் பிசைய வரும் குறைந்தபட்ச ஈரமான பிளாஸ்டிக் லிமிட் 29 சதவீதம், மண்ணில் இருந்த ஈரமோ 17 சதவீதம்தான். இவ்வளவு காய்ந்த களி ஐப்பசி மழையில் நீரைக் குடித்து உப்பும். எவ்வளவு உப்பும் என்பதற்கும் அதே அட்டவணையில் தடயம் உண்டு: மண்தூள் நீரில் எவ்வளவு பெருக்கும் என்பதைக் காட்டும் தடையற்ற வீக்கக் குறியீடு 95 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே கவனம் வேண்டும். அந்த 22 கோடைகாலத்து 22. மழை முடிந்தபின் அதே இடத்தில் அடித்தால் அந்த எண் வராது.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். மண் எடையைத் தாங்காது என்று நான் சொல்லவில்லை. தாங்கும். ஆனால் மழையில் எழும்பும், கோடையில் இறங்கும்; அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. உங்களுடையவை பெரும்பாலும் தரைத்தள வீடுகள். வீங்கும் மண்ணை அமுக்கிப் பிடிக்க அவற்றின் எடை போதாது. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், நடு அறையில் மேடாகிவிட்ட தரை: கரிசல் ஊர்களில் இவற்றைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஃபுட்டிங்கை அகலமாக்கினால் மண்ணின் மீதான அழுத்தம் இன்னும் குறையும். வீக்கத்தைப் பொறுத்தவரை அது நேர் எதிரான வைத்தியம்.

பதிவேடு வழியும் காட்டுகிறது. 4.5 மீட்டரில் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள், கலந்த மண், மதிப்பு 39. 6 மீட்டரில் சிதைந்த பாறை. சுத்தியல் 50 முறை விழுந்தும் குழாய் 8 செ.மீ.தான் இறங்கியிருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும் மேல் அடுக்கைத் தாண்டி, அந்தச் சுக்கான் அடுக்கில் வீட்டை ஊன்ற வேண்டும். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் வைத்து மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண், இதற்காகவே வந்தது. 30 செ.மீ. தண்டுக்கு அடியில் 75 செ.மீ. குமிழ், மண் மேலே இழுத்தாலும் அது பிடித்துக்கொள்ளும். அந்த இழுவையைத் தாங்கக் கம்பி முழு நீளத்துக்கும் போக வேண்டும். பைல்களை இணைத்துச் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீம் மண்ணில் படியாமல், கீழே இடைவெளி விட்டு நிற்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த மேஸ்திரி அந்த இடைவெளியில் மண்ணை அடைத்துவிட்டால், வீங்கும் மண் பீமையே தூக்கும். சுக்கான் மிகக் கெட்டியாக இருந்து குமிழ் வெட்ட முடியாவிட்டால், அதற்குள் போதிய ஆழம் ஊன்றிய நேரான பைல் சரியாக இருக்கலாம். அதை வடிவமைப்பாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மொத்த மனைப்பிரிவுக்கும் இரண்டே துளைகள், அவையும் சாலையோரத்தில். சுக்கான் அடுக்கு சமதளமாக ஓடுவதில்லை. ஓடைப் பக்கத்து மனைகளில் அது இன்னும் ஆழத்தில் இருக்கக்கூடும். அங்கே குறைந்தது ஒரு துளையாவது கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் மழை ஓய்ந்த தை மாதத்தில். பரிசோதனை நிறுவனத்திடம் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: 1.5, 3 மீட்டர் மாதிரிகளின் வீக்க அழுத்தம். பரிந்துரைத்த தாங்குதிறன் எந்த ஈரநிலைக்கானது என்ற எழுத்துப்பூர்வமான விளக்கம். அவை கைக்கு வரும்வரை ஃபுட்டிங் குழி தோண்ட யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பொறியாளர் ஒருவர்