சோபாவுக்கு மேல் மாட்டும் படம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய சுவர் போட்டோவைப் பார்த்தேன். சுவர் 12 அடி, சோபா 7 அடி, நீ பார்த்து வைத்திருக்கும் ஓவியமோ 24 இன்ச் அகலம். அதை மட்டும் தனியாக மாட்டாதே கண்ணு. அவ்வளவு பெரிய சுவரில் தபால்தலை ஒட்டினதுபோல் தெரியும்.

அகலத்தைச் சுவரை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, சோபாவை வைத்துத்தான். சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். உன் சோபா 84 இன்ச் என்பதால் 56 முதல் 63 வரை வேண்டும். அந்த ஓவியம் மனசுக்குப் பிடித்துவிட்டதென்றால் அதற்கு ஜோடியாக இன்னொன்று வாங்கு. 24-க்கு 32 இன்ச் ஓவியத்துக்குச் சுற்றிலும் மவுண்ட்டும் பிரேமும் சேர்த்து 2 இன்ச் கொடுத்தால் 28-க்கு 36 ஆகிவிடும். நடுவில் 3 இன்ச் இடைவெளி விட்டால் மொத்தம் 59.

அடுத்தது உயரம். எல்லாரும் தவறுவது இங்கேதான். சுவர் 10 அடி உயரம் இருக்கிறதே என்று படத்தைத் தூக்கி மாட்டிவிடுவார்கள். சோபாவுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். சாய்மானத்துக்கு மேல் 6 முதல் 8 இன்ச் இடைவெளி போதும். அதைவிடக் குறைந்தால் சாய்ந்து உட்காருபவர் தலை பிரேமில் இடிக்கும். உன் சாய்மானம் தரையிலிருந்து 34 இன்ச். 7 விட்டால் படத்தின் அடி 41-ல், தலை 77-ல் வரும். நடுப்பகுதி 59-ல் நிற்கும், நின்று பார்ப்பவர் கண்ணுக்கும் அது சரியான உயரம். மேலே மூன்றரை அடி காலியாக இருக்கட்டும், அதை நிரப்ப வேண்டாம்.

ஆணி அடிக்கும் முன் செய்தித்தாளை 28-க்கு 36 அளவில் இரண்டாக வெட்டி, பெயின்ட் உரியாத மாஸ்கிங் டேப்பில் ஒட்டி இரண்டு நாள் விடு. சோபாவிலிருந்து பார், வாசலிலிருந்தும் பார். சுவரின் நடுவை எடுத்துக்கொள்ளாதே. சோபாவின் நடுவிலிருந்து இருபுறமும் பதினைந்தரை இன்ச்சில் ஒவ்வொரு படத்தின் மையம் வர வேண்டும்.

படத்தின் தலை 77 என்பதால் ஆணியும் 77-ல் என்று நினைத்துவிடாதே. பின்னால் உள்ள கம்பியை நடுவில் பிடித்து மேலே இழு. பிரேமின் தலையிலிருந்து அது எத்தனை இன்ச் கீழே நிற்கிறதோ அவ்வளவைக் கழி. 3 இன்ச் என்றால் துளை 74-ல். இரண்டு படத்துக்கும் தனித்தனியாக அள, கம்பி ஒரே மாதிரி கட்டியிருக்க மாட்டார்கள்.

கண்ணாடி போட்ட படத்துக்கு வெறும் ஆணி வேண்டாம், பூச்சு உதிர்ந்து தளர்ந்துவிடும். 6 மி.மீ. துளை போட்டு, அதற்குள் பிளாஸ்டிக் பிளக் வைத்துத் திருகாணி முடுக்கு. சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் இருந்தால் அதற்கு நேர் மேலே துளைக்காதே, ஒயர் பைப் அந்த வழியாகத்தான் போயிருக்கும். அளக்கும் டேப்பைப் பிடிக்க மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா